கையில் தேள் கொட்டினால்: பாட்டிக்கு ஒரு கணக்கு, பேரனுக்கு வேறு கணக்கு

பினாங்கின் ஆயர் ஈத்தாமில், குன்றின் அடிவாரத்தை ஒட்டிய ஒரு தரைவீட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அக்டோபர் மாதத்து மழை இரண்டு நாளாக விடவில்லை. மாலை ஏழு நாற்பதுக்கு வீட்டுப் பாட்டி பின்கட்டுச் சாக்கடை ஓரத்தில் கிடந்த தரை துடைக்கும் துணியை எடுக்கிறார். அதன் மடிப்புக்குள் ஒதுங்கியிருந்த தேள் அவருடைய வலது கை மோதிர விரலில் கொட்டிவிடுகிறது. நெருப்பை வைத்து அழுத்தியது போன்ற எரிச்சல் விரலில் தொடங்கி, சில நிமிடங்களில் முழங்கை வரை ஏறுகிறது. அதே துணியை, அதே நேரத்தில், இரண்டு வயதுப் பேரன் இழுத்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே இந்தக் கட்டுரை சொல்கிறது. கொட்டிய தேள் ஒன்றே என்றாலும், கொட்டப்பட்ட உடல் வேறு என்பதால் செய்ய வேண்டியவையும் ஓரிடத்தில் பிரிந்து விடுகின்றன.

மலேசியாவில் வீட்டுப் பக்கம் தென்படும் தேள்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பார்க்கலாம். காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் பெரிய கருந்தேள் ஒன்று. பருத்த இடுக்கிக் கைகளைக் கொண்ட இதை நம் பெரியவர்கள் பலர் நட்டுவாக்காலி என்பார்கள். விறகு, பழைய பலகை, சுவர் இடுக்கு ஆகியவற்றில் ஒளியும் சிறிய பழுப்பு நிறத் தேள்கள் மற்றொன்று. பெரிய மழையில் வளைகளில் நீர் நிறையும்போது இவை உலர்ந்த இடத்தைத் தேடி வீட்டுக்குள் வருவதுண்டு. இந்நாட்டுத் தேள்கள் பெரும்பாலும் கடும் வலியையும் வீக்கத்தையும் தருவதோடு நின்றுவிடுகின்றன. உயிருக்கு ஆபத்து என்பது மிக அரிது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஊரில் கேட்ட செந்தேள் மரணங்களை நினைத்து நடுங்குவது இயல்பே. ஆனால் இந்தியாவில் அத்தகைய மரணங்களுக்குக் காரணமான அந்தச் செந்தேள் இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரியது. இங்கே பெரியவர் ஒருவருக்குக் கையில் கொட்டினால், பெரும்பாலும் வீட்டிலேயே கவனித்துக் கொள்ளலாம். சிறு குழந்தைக்கு மட்டும் இந்த நிம்மதியை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

முதல் ஐந்து நிமிடங்கள்

பாட்டிக்கும் பேரனுக்கும் இந்தப் பகுதி பொதுவானது. முதலில் இருவரையும் அந்த இடத்தைவிட்டு நகர்த்த வேண்டும். துணியை உதறித் தேளைத் தேடப் போனால் இரண்டாவது கொட்டு விழக்கூடும். தூர நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுத்துக் கொள்ளுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, கையில் இருக்கும் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் ஏறும் முன்பே கழற்ற வேண்டும். இதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொட்டு விழுந்த விரல் அரை மணி நேரத்தில் தடித்துவிட்டால், மோதிரமே விரலை இறுக்கும் கயிறாக மாறி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். பாட்டியின் மோதிரம் பல ஆண்டுகளாகக் கழற்றப்படாததாக இருந்தால், சோப்பு நுரையையோ தேங்காய் எண்ணெயையோ தடவி, நேராக இழுக்காமல் திருகியபடி வெளியே கொண்டு வாருங்கள். வரவே இல்லை, விரல் நுனி நீலம் பாய்கிறது என்றால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அங்கே மோதிரத்தை வெட்டி எடுப்பார்கள், இங்கே பொம்பா தீயணைப்பு வீரர்களும் அதைச் செய்து தருகிறார்கள். குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கறுப்புக் கயிறு கண்ணில் படாமல் போய்விடும். திருஷ்டிக்குக் கட்டியது என்று தயங்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள், பிறகு புதிதாகக் கட்டிக் கொள்ளலாம்.

அதன்பின் கொட்டிய இடத்தைக் குழாய் நீரிலும் சோப்பிலும் மென்மையாகக் கழுவ வேண்டும். தேள் தேனீயைப் போல் கொடுக்கை உள்ளே விட்டுச் செல்வதில்லை. ஆகவே ஊசியால் கிளறித் தேட எதுவும் இல்லை. கழுவித் துடைத்ததும், ஐஸ் கட்டிகளையோ உறைந்த பட்டாணிப் பையையோ ஒரு துவாலையில் சுற்றி, பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்துவிட்டு, மறுபடி வையுங்கள். ஐஸைத் தோலில் நேரடியாக வைத்தால் தோல் உறைந்து புண்ணாகும்; குழந்தையின் தோல் மெல்லியது என்பதால் துவாலையை இரட்டையாக மடித்துக் கொள்வது நல்லது. கையை மடியில் அல்லது தலையணையில் அசையாமல் வைத்திருந்தால் வலி சற்று அடங்கும்.

கயிற்றாலோ துண்டாலோ கையை இறுக்கிக் கட்டக் கூடாது; விஷம் ஏறாமல் தடுப்பதாக நினைத்துக் கட்டும் கட்டு, கைக்கு வேண்டிய இரத்தத்தைத்தான் தடுக்கிறது. பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், வெங்காயம், புளி ஆகியவற்றைப் பூசுவது எதுவும் விஷத்தை எடுப்பதில்லை. சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் தோலைப் பொசுக்கி, மறுநாள் வீக்கம் விஷத்தாலா புண்ணாலா என்று மருத்துவரே பிரித்தறிய முடியாதபடி செய்துவிடும். மந்திரிப்பதில் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கும் என்றால் அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டி அதற்காகப் பத்து நிமிடம்கூட நிற்கக் கூடாது என்பது மட்டுமே என் கோரிக்கை.

பாட்டியின் கை

கழுவிக் குளிர்ச்சி வைத்த பிறகு, பாட்டிக்குப் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு கொடுக்கலாம். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், ஒரு நாளில் எட்டு மாத்திரையைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும், உடல் எடை ஐம்பது கிலோவுக்கும் குறைவானவர்களும் இந்த அளவை மருத்துவரிடமோ மருந்தகத்திலோ கேட்டுக் குறைத்துக் கொள்ள வேண்டும். வலி முதல் சில மணி நேரங்களில்தான் உச்சத்தில் இருக்கும், பெரும்பாலானோருக்கு ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். விரலில் மரத்துப்போன உணர்வும் ஊசி குத்துவது போன்ற கூச்சமும் மேலும் சில நாள்கள் நீடிக்கலாம். அது தனியே மோசமான அறிகுறி அன்று. கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு பத்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது என்றால், மறுநாள் கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள்.

பாட்டியும் வீட்டில் இருக்கக் கூடாத நிலைகள் உண்டு. உடம்பெங்கும் தடிப்பு எழுவது, உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சில் விசில் சத்தம் கேட்பது, தலை சுற்றி விழுவது ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். அப்போது உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நெஞ்சு வலி, ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல் வந்தாலும் அப்படியே. இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருக்கும் முதியவர் என்றால், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் அன்றிரவே ஒரு மருத்துவர் பார்ப்பது நல்லது என்பேன். இரண்டு நாளுக்குப் பின் சிவப்பு பரவி, சூடாகி, சீழ் வைத்தால் அது கிருமித் தொற்று. அதற்குத் தனி மருத்துவம் தேவை.

பேரனுக்குக் கணக்கு ஏன் மாறுகிறது

பாட்டியின் எடை அறுபது கிலோ, பேரனின் எடை பன்னிரண்டு கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். தேள் இருவருக்கும் செலுத்துவது ஒரே அளவு விஷம் என்றாலும், ஒரு கிலோ உடலுக்குப் பேரனுக்குக் கிடைப்பது ஐந்து மடங்கு. தேள் விஷம் நரம்புகளைத் தூண்டும் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்திருப்பதால், நரம்புகள் ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. விரலில் மட்டும் நடந்தால் அது வெறும் எரிச்சல். உடலெங்கும் பரவினால் வியர்வைச் சுரப்பி, எச்சில் சுரப்பி, வயிறு, இதயம் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஓயாத சமிக்ஞைகள் ஒருசேர விரட்டத் தொடங்கும்.

எனவே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தேள் கொட்டினால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், முதலுதவி முடிந்ததும் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே பல சமயம் எதுவும் செய்யாமல் சில மணி நேரம் கவனித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கவனிப்புக்காகத்தான் போகிறோம், அது வீண் அலைச்சல் அன்று. இந்நாட்டுத் தேள்களுக்கென்று தனியே விஷமுறிவு மருந்து கிடையாது. வலியைத் தணித்து, மூச்சையும் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணித்து, தேவைப்பட்டால் அவற்றைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. அதற்கான கருவிகள் வீட்டில் இல்லை.

இங்கே பெற்றோர் செய்யும் பெரிய பிழை, குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருப்பது. வீக்கம் குறைந்தால் நிம்மதி அடைகிறார்கள், அழுகை நின்றால் குணமாகிவிட்டதாக நினைக்கிறார்கள். கையின் தோற்றமோ வலியின் அளவோ விஷம் உடலில் பரவியிருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. கை ஏறக்குறைய இயல்பாகவே தெரியும் குழந்தைக்கும் உள்ளே தொல்லை நடந்துகொண்டிருக்கலாம். ஆகவே கையை விட்டுவிட்டு முகம், நெஞ்சு, பாதம் ஆகிய மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

முகத்தில் பார்க்க வேண்டியவை எச்சிலும் கண்களும். பல் முளைக்கும் வயதில் எல்லாக் குழந்தைக்கும் எச்சில் வடியும். விழுங்க முடியாமல் வாயில் தேங்கி, துடைத்த உடனே மறுபடி ஒழுகுவதுதான் கவலைக்குரியது. கண்கள் எதன் மீதும் நிற்காமல் அலைவது, நாக்கு துடிப்பது, காரணமின்றிக் கை கால்களை வீசித் திமிறுவது ஆகியவை விஷம் நரம்புகளைப் பிடித்திருப்பதைக் காட்டும். ஒரு முறை வாந்தி எடுப்பது அழுகையினாலும் நேரலாம். மீண்டும் மீண்டும் எடுப்பது அப்படியல்ல.

நெஞ்சைப் பார்ப்பது மூச்சை எண்ணுவதற்காக. சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் சிறு பிள்ளைகளிடம் தவறு வரும். குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு நாற்பதும் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் பதினொரு மாதம் வரை ஐம்பதும் அதற்கு மேலும் இருந்தால் மூச்சு வேகமாக இருக்கிறது என்று பொருள். அழும்போது எண்ணிய எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. மடியில் வைத்து அமைதிப்படுத்திய பின் எண்ணுங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுப்பது, இருமும்போது நுரை வருவது ஆகியவற்றைக் கண்டால் எண்ணுவதற்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது.

பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை எல்லோருக்கும் இருப்பதால், வியர்க்கிறதே என்று மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. உடல் முழுதும் நனையும் வியர்வையோடு உள்ளங்கையும் பாதமும் சில்லிட்டு வெளிறியிருப்பதுதான் எச்சரிக்கை. ஓடி விளையாடி வியர்த்த குழந்தையின் பாதம் சூடாகவே இருக்கும். ஆண் குழந்தையிடம் ஆணுறுப்பு நீண்ட நேரம் விறைத்தே இருப்பதும் விஷம் உடலில் பரவியதற்கான ஓர் அறிகுறி. சொல்லக் கூச்சப்பட்டு மருத்துவரிடம் மறைத்துவிடாதீர்கள்.

இவற்றில் எது தோன்றினாலும், குழந்தை எழுப்ப முடியாதபடி சோர்ந்து விழுந்தாலும், 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்க வேண்டும். மோசமான அறிகுறிகள் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும் என்றாலும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரவும் குழந்தையைத் தனி அறையில் விடாமல் அருகிலேயே படுக்க வைத்துக் கொள்ளுங்கள்.

மருந்தின் அளவு

பேரன் விழிப்பாக இருந்து, வாந்தி எடுக்காமல், விழுங்கவும் முடிந்தால், கிளம்பும் முன் பாரசிட்டமால் சிரப் ஒரு வேளை கொடுக்கலாம். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது அளவு. பன்னிரண்டு கிலோவுக்கு 180 மில்லிகிராம் வரும். மருந்துக் கடைகளில் ஐந்து மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும், 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் விற்கப்படுகின்றன. முதல் வகையில் பேரனுக்கு 7.5 மில்லிலிட்டர், இரண்டாவது வகையில் 3.6 மில்லிலிட்டர். அவசரத்தில் குப்பி மாறினால் மருந்து இரட்டிப்பாகிவிடும் என்பதால், அட்டையில் உள்ள எண்ணை விளக்கடியில் வாசித்த பிறகே அளக்க வேண்டும். சமையல் கரண்டியில் அளக்காமல் மருந்துடன் தரும் ஊசியற்ற சிரிஞ்சில் அளக்க வேண்டும். காலையில் காய்ச்சலுக்கோ சளிக்கோ பாரசிட்டமால் கலந்த வேறு மருந்து கொடுத்திருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எதுவும் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் ஆகாது.

தேள்தானா?

பேரனுக்குப் பேச்சு இன்னும் முழுமையாக வரவில்லை. திடீரென்று வீரிட்டு அழுது, ஒரு கையைத் தொடவிடாமல் மார்போடு அணைத்துக்கொள்வதுதான் அவன் சொல்லக்கூடிய செய்தி. தேளை யாரும் பார்க்கவில்லை என்றால், அது தேளாகவும் இருக்கலாம், பூரானாகவும் இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம்; பாம்பு இல்லை என்று உறுதியாகும் வரை பாம்பாகவே கருதிச் செயல்படுவதுதான் பாதுகாப்பு. அந்நிலையில் கையை ஒரு கட்டையோ மடித்த பத்திரிகையோ வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, ஐஸ் வைக்காமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு உடனே போக வேண்டும். இமைகள் கனத்துத் தொங்குவது, வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போவது, ஈறில் இரத்தம் கசிவது ஆகியவை பாம்பைச் சுட்டும். இபுப்ரோஃபென் போன்ற மருந்து இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் இப்படிச் சந்தேகம் இருக்கும்போது அதைக் கொடுக்காதீர்கள்.

கவுண்டரில் சொல்ல வேண்டியது

மலாய் சரளமாக வராதவர்கள் "அனாக் சாயா கெனா செங்காட் காலா ஜெங்கிங்" என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக் கொள்ளலாம். என் பிள்ளையைத் தேள் கொட்டிவிட்டது என்பது அதன் பொருள். பாட்டிக்குப் பதில் பேரனாக இருந்திருந்தால், வண்டியில் போகும்போதே கைப்பேசியில் தட்டி வைக்க வேண்டிய குறிப்பு இவ்வளவுதான்: ஏழு நாற்பதுக்கு வலது மோதிர விரலில் கொட்டியது, எடை பன்னிரண்டு கிலோ, ஏழு ஐம்பத்தைந்துக்கு 120 எண் சிரப் 7.5 மில்லிலிட்டர் கொடுத்தோம், எட்டு ஐந்துக்கு ஒரு வாந்தி, பாதம் சூடாக இருக்கிறது, மூச்சு நிமிடத்துக்கு முப்பது. இந்த வரிசை மருத்துவருக்குப் பத்துக் கேள்விகளை மிச்சப்படுத்தும். அடுத்த எண்ணிக்கை நாற்பத்தைந்து என்று வந்தால் நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்பதும் அவருக்கு உடனே விளங்கும்.

குழந்தைக்கு ஆபத்து அறிகுறி ஏதும் இல்லாமல், மருந்து பற்றியோ பூச்சி பற்றியோ சந்தேகம் மட்டும் இருந்தால், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். அறிகுறி இருக்கும்போது அந்த அழைப்புக்கு நேரம் செலவிடாமல் 999-தான் முதலில்.

அன்றிரவு அந்தத் தேள்

பாட்டியைப் படுக்க வைத்த பிறகும், பேரனை மருத்துவமனையில் விட்டு ஒருவர் வீடு திரும்பிய பிறகும், தேள் இன்னும் பின்கட்டிலேயே இருக்கும். கடையிலோ இணையத்திலோ கிடைக்கும் சிறிய புற ஊதா விளக்கை வாங்கி, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். தேளின் உடல் பச்சையும் நீலமும் கலந்த ஒளியில் மின்னி உடனே தெரிந்துவிடும். நீண்ட இடுக்கியால் பிடித்து மூடியுள்ள டப்பாவில் போடலாம், காலணி அணியாமல் அருகே போகக் கூடாது. தரைத்துணியைத் தரையில் விடாமல் கொடியில் தொங்கவிடுவது, காலணியைக் கவிழ்த்துத் தட்டியபின் அணிவது, தேங்காய் மட்டை, பழைய பலகைகள் ஆகியவற்றைக் குழந்தை தவழும் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துவது ஆகியவற்றை மறுநாள் பகல் வெளிச்சத்தில், தடித்த கையுறை அணிந்துகொண்டு செய்யுங்கள்.